பொருளாளர் உரையும் பராமரிப்புத் தொகை உயர்வும்: உங்கள் சங்கக் கூட்டத்தில் என்ன நடந்தது?

மூன்றாம் மாடிக்காரர்:
எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பேச எழுந்ததுமே, "வங்கியில்தான் பணம் இருக்கிறதே, பிறகு எதற்கு உயர்வு?" என்று ஒருவர் குரல் எழுப்பினார். பொருளாளர் அதற்குப் பதில் சொல்லாமல், கழற்றிப்போட்ட லிஃப்ட் கம்பிவடத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு சாண் துண்டை முன்வரிசையில் கொடுத்தார். அது என் கைக்கு வந்தபோது அறுந்த இழைகளின் நுனிகள் விரலில் குத்தின, செம்மண் போன்ற துரு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எண்ணெயிடுவதற்கும் சரிபார்ப்பதற்கும் மட்டுமே என்பதும், வடம் மாற்றும் செலவு நம்முடையது என்பதும் அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

அதன்பின் அவர் கணக்கைச் சொன்னார். ஆண்டு முழுவதும் எல்லோரும் செலுத்தவேண்டிய தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், வசூலானது 90. காவலர், துப்புரவுப் பணியாளர் சம்பளம், பொது மின்கட்டணம், தண்ணீர் ஆகிய வழக்கமான செலவுகள் 92. வடத்துக்கு 12. ஆக, 14 பங்கு பழைய இருப்பிலிருந்து போயிற்று. வங்கியில் தெரியும் 20 பங்கில் 11 அடுத்த ஆண்டுக்காகச் சிலர் முன்கூட்டியே கட்டியது. 6 பங்கு கடைசி மாதத்தின் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் கொடுக்கவேண்டியது. மீதமிருக்கும் 3 பங்கு அரை மாதச் செலவுக்கும் போதாது. அவர் 12 விழுக்காடு உயர்வு கேட்டார். நான் ஆதரித்துக் கையுயர்த்தினேன். ஆனாலும் 12 என்பது எப்படி வந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வாடகைக்கு விட்டிருப்பவர்:
எங்கள் கூட்டத்திலும் இதே உரைதான், வடத்துக்குப் பதிலாகத் தண்ணீர் மோட்டார். உங்கள் பொருளாளர் வசூலாகாத 10 பங்கைப் பற்றி ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறாரே, அதுதான் விஷயம். பாக்கிக்காரர்களிடம் வசூலித்தால் உயர்வே தேவைப்படாது. ஒழுங்காகக் கட்டுபவர்களிடமே மேலும் கேட்பது எந்த வகையில் நியாயம்?

கீழ்த்தளவாசி:
லிஃப்டில் ஏறாத எங்களிடமும் வடத்துக்கான பணத்தை வாங்கினார்கள். நான் கூட்டத்தில் எழுந்து கேட்டதற்கு, "மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய மேல்மாடிக்காரர்கள் மட்டுமா கொடுக்கிறார்கள்?" என்று பொருளாளர் திருப்பிக் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. என் குளியலறைக் கூரையில் வரும் கசிவுக்கு மட்டும் சங்கத்தில் எப்போதும் பணம் இருந்ததில்லை.

முன்னாள் பொருளாளர்:
கசிவு மேல்வீட்டின் குழாயிலிருந்து வருகிறதா, பொதுக் குழாயிலிருந்து வருகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். மேல்வீட்டுக் குழாய் என்றால் சங்கத்திடம் கேட்டுப் பயனில்லை. அது தனிக் கதை.

பாக்கியைப் பற்றி எழுதியவர் சொல்வது பாதி சரி. பாக்கி முழுவதும் வந்திருந்தாலும் வரவு 100, செலவு 104. மேலும் பழைய பாக்கி ஒருமுறை வந்தால் தீர்ந்துவிடும், சம்பள உயர்வோ ஆண்டுதோறும் வரும். நான் பொறுப்பிலிருந்தபோது இதே கேள்விக்குக் கோபமாகப் பதில் சொன்ன ஒரு கூட்டம், தீர்மானம் இல்லாமலே கலைந்தது.

12 எப்படி வந்திருக்கும் என்பதை என் ஊகமாகச் சொல்கிறேன். வழக்கமான செலவு 92 என்பது சம்பள உயர்வோடு அடுத்த ஆண்டு 98 ஆகும் என்று கொள்ளுங்கள். கட்டடத்துக்கு வெளிப்பூச்சு ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, செலவு 36 பங்கு என்றால், ஆண்டுக்கு 6 பங்கு ஒதுக்கவேண்டும். வடம் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றால் ஒன்றரை. மோட்டார்களுக்கு இரண்டரை. இந்தப் 10 பங்கையும் சேர்த்தால் 108. தாமதமாகக் கட்டுபவர்களுக்காக இன்னும் 4 சேர்த்திருப்பார். உங்களுக்கு இடிக்க வேண்டியது இந்த 4 தான். பாக்கிக்காரர்களின் சுமை உங்கள் தலையில் ஏறுவது அங்கேதான்.

பூச்சுக்கும் வடத்துக்கும் மோட்டார்களுக்குமான அந்த 10 பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அன்றாடக் கணக்கிலேயே கிடந்தால், தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் முதல் மாதத்திலேயே லாரித் தண்ணீராகக் கரைந்துவிடும். எடுப்பதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும் என்று நிபந்தனையும் வையுங்கள். அடுத்த கூட்டத்தில் வரவு-செலவோடு நிறுத்தாமல், இருப்பில் முன்பணம் எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று பிரித்து எழுதிய தாளை ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கணக்கைக் கூட்டத்தில்தான் முதன்முறையாகப் பார்க்கிறவர் எவரானாலும் சந்தேகப்படவே செய்வார்.

வாடகைக்கு விட்டிருப்பவர்:
அந்த 4 பங்கைத்தான் நானும் சொல்கிறேன். அதை உயர்வில் சேர்க்காமல், தாமதத்துக்கு வட்டியாகப் பாக்கிக்காரர்களிடமே வாங்கலாமே?

முன்னாள் பொருளாளர்:
உங்கள் சங்க விதிகளில் அதற்கு இடமிருந்தால் வாங்கலாம். ஆனால் அசலையே கட்டாதவர் வட்டியை மட்டும் கட்டுவார் என்று வரவுத் திட்டத்தில் எழுத எனக்குக் கை வராது.

மூன்றாம் மாடிக்காரர்:
ஊகமானாலும் கணக்கு பொருந்துகிறது, நன்றி. ஒன்று மட்டும் எங்கள் கூட்டத்தில் முடிவாகவில்லை. அந்த 11 பங்கை முன்கூட்டியே கட்டியவர்கள், பழைய விகிதத்தில் ரசீது வாங்கிவிட்டோம், உயர்வின் வித்தியாசத்தைத் தரமாட்டோம் என்கிறார்கள். உங்கள் சங்கங்களில் இதை எப்படித் தீர்த்தீர்கள்?