புதுப்பிப்பு: தடுப்புச் செயலியை நானே அழித்துவிடுவது பற்றி

முன்பு கேட்டது: "ஐபோனில் சூதாட்டத் தடுப்புச் செயலி போட்டிருக்கிறேன், ஆனால் வெறி வரும் இரவில் நானே அதை அழித்துவிடுகிறேன். என்ன வழி?"

மூன்று வாரம் ஆகிறது. உறுதி இருந்தால் செயலியே வேண்டாம் என்று ஒருவர் எழுதினார், எனக்கு அந்த இரவுகளில் உறுதியே இருப்பதில்லை. இன்னொருவர் ஐபோன் அமைப்புகளில் உள்ள Screen Time-இல் செயலிகளை நீக்கவிடாமல் பூட்டச் சொன்னார். பாதி சரி. கடவுக்குறியீட்டை அக்காவே போட்டாள், எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்தாம் நாள் இரவு ஒரு மணிக்கு "Forgot Passcode?" தொட்டேன், என் சொந்த ஆப்பிள் கணக்கைக் கேட்டது, கொடுத்தேன், பூட்டு போய்விட்டது. அன்று பணமும் போனது.

நுணுக்கமாக விளக்கியவர் சொன்னது இதுதான்: குறியீடு வைக்கும்போதே மீட்புக்கு ஒரு கணக்கு கேட்கும், அங்கே என் கணக்கு இருக்கக் கூடாது. இப்போது அக்காவின் கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு முறை கை போனது, திறக்கவில்லை, அப்புறம் இருபது நிமிடத்தில் வேகம் தணிந்தது.



ஒரே ஓட்டை, புது முகவரியில் வரும் தளங்கள் செயலியின் பட்டியலில் ஏறும்வரை திறக்கின்றன. Screen Time-இல் அனுமதித்த தளங்கள் மட்டும் என்று மாற்றினால் அடைபடும், ஆனால் வேலைக்கான தளங்களும் நின்றுவிடுகின்றன. யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா?