பழைய கெமரா வாங்க முதல் விற்பவருக்கு எப்படி எழுதிக் கேட்பது? (அவசரம்)

வாவிக்கரைப் பொடியன்
எல்லாருக்கும் வணக்கம். ஒன்லைனில் ஒரு கெமரா பார்த்து வைத்திருக்கிறேன், நல்ல விலை, விற்பவர் கொழும்பில். போட்டிருக்கிற படம் இரண்டே இரண்டு, அதுவும் இருட்டில் எடுத்தது. இன்னும் தெளிவான படங்களும் வாங்கிய பில்லும் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆளைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கக் கூடாது, கோபித்துக்கொண்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். யாராவது எழுதித் தாங்களேன், இன்று இரவுக்குள் அனுப்ப வேண்டும்.

பெரியகல்லாறு
என்ன கெமரா? லென்ஸோடு வருகிறதா, பொடி மட்டுமா? விற்கிறவர் கடைக்காரரா, தன் பாவனைப் பொருளை விற்கிறாரா? தமிழில் எழுதினால் அவருக்கு விளங்குமா? இதில் ஒன்றுமே சொல்லாமல் கடிதம் கேட்டால் என்னத்தை எழுதுவது தம்பி.

கல்முனை ஸ்டூடியோ
மாதாமாதம் இதே கேள்வி. முதலில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கப் பழகுங்கள். இதற்கெல்லாம் கடிதம் எதற்கு? இன்றைய திகதியையும் உங்கள் பெயரையும் ஒரு தாளில் எழுதி, கெமராவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் பொருள் இருக்கிறது, அனுப்பாவிட்டால் ஆள் கள்ளன். விஷயம் முடிந்தது.

செங்கலடி ரதி
தம்பி, தயவுசெய்து காசு மட்டும் போட்டுவிடாதீங்க. போன வருடம் நான் தையல் மெஷின் ஒன்றுக்கு முற்பணம் போட்டேன், பில்லும் படமாக அனுப்பினார்கள், கடை முத்திரை எல்லாம் இருந்தது. காசு போனதோடு அந்த நம்பர் நிற்பாட்டி. பிறகு பார்த்தால் அதே பில் படத்தை இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பில்லைக் கண்டு ஏமாற வேண்டாம்.

வாவிக்கரைப் பொடியன்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப் போச்சு. நிக்கோன் D750, அதோடு 24-120 லென்ஸ். தனி ஆள், வெள்ளவத்தை, தமிழ் ஆள்தான். இரண்டு லட்சம் சொல்கிறார். 25,000 முற்பணம் போட்டால் பிடித்து வைப்பதாகச் சொன்னார். கல்யாண வேலை தொடங்கத்தான் வாங்குகிறேன்.

பெரியகல்லாறு
அப்படியென்றால் ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்று கேளுங்கள், அதுதான் முக்கியம். அவர் எடுத்த படம் எதையாவது ஒன்றை அனுப்பச் சொன்னால் போதும், எண்ணிக்கை படத்துக்குள்ளேயே இருக்கும். எந்தக் கெமராவுக்கும் அப்படித்தான்.

சம்மாந்துறை நானா
கல்லாறு தம்பி சொன்னதில் பாதி சரி. நிக்கோனில் எண்ணிக்கை படத்துக்குள் பதிகிறது. கெனனில் பெரும்பாலான பொடிகளில் பதியாது, அதை வயரில் இணைத்து வேறு மென்பொருளால்தான் எடுக்க வேண்டும். இங்கே D750 என்பதால் வழி இருக்கிறது. ஆனால் "ஏதாவது ஒரு படம்" என்று கேட்டால் வேலை நடக்காது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும், உள்ளே இருக்கிற தகவலும் போய்விடும். கணினியில் திருத்திச் சேமித்தாலும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கை தங்காது. ஆகவே கார்டில் இருந்து எடுத்த மூலக் கோப்பை 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். வந்ததும் உங்கள் லப்டொப்பில் இதை ஓட்டிப் பாருங்கள், கோப்பின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
exiftool -Model -SerialNumber -ShutterCount DSC_0412.JPG
```

இதில் எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது தொடர் இலக்கம். படத்துக்குள் ஒரு இலக்கம், கெமராவின் உடம்பில் ஒட்டியிருக்கிற இலக்கம், பில்லில் அல்லது வாரண்டி அட்டையில் எழுதியிருக்கிற இலக்கம், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ரதி தங்கச்சிக்கு வந்த பில்லில் மெஷினின் இலக்கம் இருந்திருக்காது, இருந்தாலும் ஒப்பிட மெஷின் கையில் இருந்திருக்காது. பில்லை மட்டும் தனியாகப் படம் பிடித்தால் அது யாருடைய பில்லாகவும் இருக்கலாம். பில்லும் கெமராவும் ஒரே படத்தில் வர வேண்டும், இரண்டு இலக்கமும் வாசிக்கத் தெரிய வேண்டும்.

ஸ்டூடியோ சொன்ன தாள் வழி பிழை என்று சொல்ல மாட்டேன். அது கெமரா அவர் கையில் இருக்கிறது என்பதைக் காட்டும். அவருடையதா என்பதைக் காட்டாது. களவெடுத்தவன் கையிலும் கெமரா இருக்கும்தானே.

கல்முனை ஸ்டூடியோ
நான் 20 வருடமாகக் கெமரா வாங்கி விற்கிற ஆள். இவ்வளவு சோதனை கேட்டால் ஒருவனும் விற்க மாட்டான். நம் ஊர்க் கடைகளில் பில் கையால் எழுதித்தான் தருகிறார்கள், அதில் இலக்கம் எங்கே இருக்கும்?

சம்மாந்துறை நானா
அது உண்மைதான், கைப்பில்லில் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் வாரண்டி அட்டையையும் கேட்கச் சொல்கிறேன், அதில் இலக்கமும் கடை முத்திரையும் சேர்ந்து வரும். அவரே இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் அட்டையும் இல்லாமல் இருக்கலாம், அதற்காக ஆள் கள்ளன் என்று ஆகிவிடாது. அப்போது முன்பு விற்றவரோடு பேசிய செய்தியையோ காசு அனுப்பிய பதிவையோ காட்டலாம்.

இன்னொன்று. D750 2014இல் வந்த மொடல். சில இலக்கங்களில் ஷட்டர் ஒழுங்காக வேலை செய்யாமல் படத்தின் ஒரு பகுதி இருண்டு போகிறது என்று 2015இல் நிக்கோனே அறிவித்து, இலவசமாகத் திருத்திக் கொடுத்தது, அந்தப் பட்டியலை 2016இலும் 2017இலும் நீட்டினார்கள். இலக்கம் கையில் இருந்தால் இந்தப் பொடி அதில் அகப்பட்டதா, திருத்தினாரா என்று அவரிடமே கேட்கலாம்.

லென்ஸ் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நம் பக்கத்து ஈரக்காற்றில் முதலில் போவது லென்ஸ்தான். வெள்ளவத்தையும் கடற்கரைதானே, அங்கேயும் அதே கதைதான். பூஞ்சை வந்தால் கண்ணாடிக்குள் மெல்லிய சிலந்தி வலை மாதிரி இழை ஓடும், தூசி என்றால் வெறும் புள்ளி. சாதாரண வெளிச்சத்தில் இரண்டும் தெரியாது, பின்னால் இருந்து டோர்ச் அடித்து முன்னால் படம் பிடிக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். இந்த லென்ஸில் துவார வளையம் கிடையாது, கழற்றினால் உள்ளே இதழ்கள் மூடிக்கொண்டு ஊசித்துளை அளவுக்குத்தான் வெளிச்சம் வரும். அப்படி எடுத்த படத்தில் ஓரத்துப் பூஞ்சை ஒளிந்துவிடும். பின்பக்க வளையத்துக்குள் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதை விரலால் தள்ளிப் பிடித்தால் இதழ் விரியும். இதைச் சொல்லாமல் கேட்டால் அவர் நல்ல மனதோடு எடுத்து அனுப்பினாலும் உங்களுக்குப் பயன் இல்லை.

கடிதம் இப்படி எழுதுங்கள், உங்களுக்குத் தோதாக மாற்றிக்கொள்ளலாம்:

> வணக்கம் அண்ணன். உங்கள் D750ஐயும் 24-120 லென்ஸையும் வாங்க விருப்பம், நீங்கள் சொன்ன விலை எனக்குச் சரி. நான் மட்டக்களப்பு, நேரில் வருவதென்றால் ஒரு இரவுப் பயணம், அதனால் வர முதல் சில படங்கள் பார்க்க வேண்டும்.
>
> வெள்ளைச் சுவரை f/16இல் ஒரு JPEG எடுத்து, ஒன்றும் திருத்தாமல் வட்ஸ்அப்பில் டொக்கியுமன்ட்டாக அனுப்புங்கள். சென்சரில் தூசி இருந்தால் அதிலேயே தெரியும். அப்புறம் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்து நெம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாக ஒரு படம். ஆள் துணைக்கு இருந்தால் லேசாக எடுக்கலாம். லென்ஸ் பூட்டுகிற இடத்தையும் நாலு மூலைகளையும் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் நல்லது.
>
> வாங்கிய பில் அல்லது வாரண்டி அட்டை இருந்தால், அதையும் கெமராவின் தொடர் இலக்கத்தையும் ஒரே படத்தில் அனுப்புங்கள். உங்கள் விலாசம், போன் நம்பர், விலை இவற்றை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், இலக்கமும் திகதியும் தெரிந்தால் போதும். பில் இல்லையென்றால் யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.
>
> படங்கள் சரியென்றால் சனிக்கிழமை முழுக் காசோடு நேரில் வருகிறேன். முற்பணம் முன்கூட்டிப் போட எனக்கு வசதியில்லை, அதற்காகக் கோபிக்க வேண்டாம்.

விலை சரி, நாள் சொல்லிவிட்டேன், முழுக் காசு என்று எழுதியிருப்பதால் அவருக்கு நீங்கள் உண்மையாக வாங்குகிற ஆள் என்று தெரியும். பிறகு படம் கேட்பது கரைச்சலாகத் தெரியாது.

பொத்துவில் அலை
பூஞ்சை பற்றி நானா சொன்னதால் கேட்கிறேன். வாங்கின பிறகு அரிசிப் பைக்குள் வைத்தால் போதும்தானே? நான் கடற்கரையில் எடுக்கிற ஆள், எப்போதும் அரிசிக்குள்தான் வைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பெரியகல்லாறு
அரிசித் தூசி போய் லென்ஸ் பூட்டுகிற இடத்தில் ஒட்டும். சிலிக்கா ஜெல் பாவிக்கலாமே.

பொத்துவில் அலை
சிலிக்கா ஜெல் ஈரமானால் திரும்பக் காய வைக்க வேண்டும், அரிசி என்றால் சமைத்துவிடலாம்.

கல்முனை ஸ்டூடியோ
கெமராவோடு கிடந்த அரிசியைச் சமைப்பதா? மின்சார உலர் பெட்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் தொழிலுக்கு வராதீர்கள்.

பொத்துவில் அலை
எல்லாருக்கும் அதற்குக் காசு இருக்கிறதா? மூடி இறுகின பிளாஸ்டிக் பெட்டியும் ஈரப்பதமானியும் வைத்துச் சமாளிக்கிற ஆட்கள் எத்தனை பேர்.

சம்மாந்துறை நானா
பிளாஸ்டிக் பெட்டி போதும், ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் சரி. அரிசி காற்றை அந்தளவுக்கு இறக்காது, பொத்துவில் தம்பிக்கு ஒன்றும் ஆகாததற்கு அவர் கெமராவைத் தினமும் வெளியில் எடுப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். இதை வேறு இழையில் பேசுங்கள்.

செங்கலடி ரதி
நானா, பூஞ்சை பிடித்த லென்ஸை மற்ற லென்ஸோடு வைத்தால் தொற்றும் என்கிறார்களே, உண்மையா?

சம்மாந்துறை நானா
வித்து எப்படியும் காற்றில் இருக்கிறது, ஈரம் இருந்தால்தான் முளைக்கும் என்பது என் எண்ணம். தொற்றும் என்று அடித்துச் சொல்கிற திருத்துநர்களும் இருக்கிறார்கள். நான் சேர்த்து வைப்பதில்லை.

வாவிக்கரைப் பொடியன்
நானாவின் கடிதத்தை அப்படியே அனுப்பினேன், கோபிக்கவில்லை. வாரண்டி அட்டையும் கெமராவும் ஒரே படத்தில் வந்தது, இலக்கம் மூன்றும் ஒன்றுதான். பில் தொலைந்துவிட்டதாம், கடைப் பெயர் சொன்னார், எடுத்துக் கேட்டேன், வாங்கியது உண்மை என்றார்கள். லென்ஸ் படத்தில் ஓரத்தில் இரண்டு மூன்று இழை மாதிரி தெரிகிறது. பொடி மட்டும் என்ன விலை என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

சம்மாந்துறை நானா
அந்த ஓரத்தை மட்டும் வெட்டி இங்கே போடுங்க தம்பி. டோர்ச்சைச் சரித்து அடித்தால் கண்ணாடியில் பட்ட துணி நூலும் அப்படித் தெரியும், துடைத்துவிட்டு இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள்.

பெரியகல்லாறு
எண்ணிக்கை எவ்வளவு வந்தது? அதைச் சொல்லவே இல்லையே. D750 ஷட்டரை 1,50,000 அடி வரை சோதித்ததாகத்தான் நிக்கோன் சொல்கிறது, அதற்குக் கிட்ட வந்திருந்தால் பொடி விலையையும் குறைத்துக் கேளுங்கள்.