கிணறு அவருடைய காணிக்குள், வாய்க்கால் அடைபட்டுவிட்டது: எங்களுக்கு உரித்து உண்டா?

கோப்பாய்ப் பிள்ளை:
எங்கள் 6 பரப்பு வெங்காயத் தறைக்குப் பக்கத்துக் காணிக் கிணற்றுத் தண்ணீர்தான். 1998 இல் இருந்து அப்பா இறைத்தார், இப்போது நான். வாய்க்கால் அவர்களின் காணி ஓரத்தால் வருகிறது. போன வருடம் காணியை வாங்கியவர் மதில் கட்டி வாய்க்காலை அடைத்துவிட்டார். எங்கள் உறுதியில் கிணற்றுப் பங்கு இல்லை. 10 வருடம் பாவித்தால் உரித்து வந்துவிடும் என்கிறார்களே, சரியா?

செம்மண்:
சரிதான். 10 வருடம் தாண்டினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நாளைக்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மதிலை உடையுங்கள்.

பழைய கந்தோர்க்காரன்:
செம்மண் தம்பி, உடைத்தால் பொலிஸ் வழக்கு பிள்ளையின் தலையில்தான் விழும். நீங்கள் சொன்னதில் பாதி சரி. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் 10 வருடம் உண்டு. ஆனால் உரித்து என்ற எண்ணத்தோடு, இடையில் தடையில்லாமல் எடுத்திருக்க வேண்டும். கேட்டு வாங்கிய தண்ணீர் என்றால் 50 வருடம் எடுத்தாலும் அது அனுமதிதான்.

முதலில் தாய் உறுதியைத் தேடுங்கள். உங்கள் உறுதியில் இல்லாமல், அதற்கு முந்தியதில் ‘கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும்’ என்று இருந்து, பிறகு எழுதியவர் விட்டிருக்கலாம். காணிக் கந்தோர்ப் பதிவேட்டில் இரண்டு காணிகளின் பக்கங்களையும் பாருங்கள். எழுத்தில் பங்கு இருந்தால் 10 வருடக் கதையே தேவையில்லை. இல்லாவிட்டால் இரண்டு கேள்வி: தண்ணீருக்கு ஏதாவது கொடுத்தீர்களா? யாராவது ஏதாவது எழுதித் தந்தார்களா?

இணுவில்காரி:
இதையெல்லாம் பார்த்தால் பயமாக இருக்கிறது. நான் இரக்கப்பட்டு ஒருவருக்குத் தண்ணீர் விட்டேன். இப்போது அவர் ‘எங்கட கிணறு’ என்கிறார். விற்கப் போனால் வாங்குபவர் பின்வாங்குகிறார். உதவி செய்தவர்கள்தான் கடைசியில் குற்றவாளிகள். காணி வாங்கியவர் உறுதியைப் பார்த்துத்தானே வாங்கினார், அவருக்கு வாய்க்கால் எப்படித் தெரியும்?

பழைய கந்தோர்க்காரன்:
அக்கா, உங்கள் கதை வேறு. நீங்கள் விட்டது அனுமதி. ஒரு கடுதாசியில் அவரையும் கையெழுத்திட வைத்து வையுங்கள். வாங்கியவரைப் பற்றிச் சொன்னால், 10 வருடம் பூர்த்தியாகி உரித்து வந்திருந்தால் அது காணியோடு ஒட்டியது. அவருடைய உறுதியில் எழுதாவிட்டாலும் அவரைக் கட்டும். கண்ணுக்குத் தெரியும் சீமெந்து வாய்க்காலைக் காணாமல் வாங்கினேன் என்று சொல்வதும் கடினம்.

கோப்பாய்ப் பிள்ளை:
அறுவடைக்கு அறுவடை அப்பா ஒரு பை வெங்காயம் கொடுப்பார். கிணறு இறைத்துச் சேறு எடுக்கும்போது கூலியில் பாதி நாங்கள். 2014 இல் மோட்டருக்குக் கரண்ட் எடுக்கப் பழைய சொந்தக்காரர் ‘எனது சம்மதத்துடன் நீர் இறைக்கிறார்’ என்று எழுதித் தந்தார்.

இணுவில்காரி:
பார்த்தீர்களா! சம்மதம் என்று எழுத்திலேயே இருக்கிறது.

பழைய கந்தோர்க்காரன்:
அந்தக் கடிதம்தான் கஷ்டம். 1998 இல் தொடங்கியதென்றால் 2008 இல் உரித்து நிறைந்துவிட்டது, பிறகு வந்த கடிதம் அதை அழிக்காது என்பது உங்கள் பக்கம். ஆரம்பத்தில் இருந்தே அனுமதிதான், கடிதம் அதற்குச் சாட்சி என்பது அவர்கள் பக்கம். சேறு எடுத்த கூலி உங்களுக்கு நல்லது, உரித்துள்ளவன்தான் பராமரிப்பான். வெங்காயம் விருப்பத்துக்குக் கொடுத்ததா, கேட்டு வாங்கிய அளவா என்று குறுக்குக் கேள்வி வரும். 1998 இல் எப்படித் தொடங்கியது என்று சொல்லக்கூடிய வயதான அயலவர் ஒருவரைப் பிடியுங்கள், வழக்கே அவரில்தான் நிற்கும்.

செம்மண்:
அதுவரை வெங்காயம் காயட்டுமா?

பழைய கந்தோர்க்காரன்:
இல்லை. அடைத்த வாய்க்காலை இன்றே படம் எடுத்து, பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். சண்டை வரும் நிலை என்றால் 1979 ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் வழக்குப் போகும். பொலிஸ் போடாவிட்டால் நீங்களே போடலாம். நீர், வழி போன்ற உரித்துகளுக்கு 69 ஆம் பிரிவில் கட்டளை கிடைக்கும். அது தற்காலிகம். நிரந்தரத் தீர்ப்புக்கு மாவட்ட நீதிமன்றம்தான். அங்கே நில அளவையாளரின் படத்தில் கிணறும் வாய்க்காலின் போக்கும் நீளம் அகலத்தோடு இருக்க வேண்டும். ‘அந்தப் பக்கத்தால் எங்கேயோ’ என்று சொன்னால் எடுபடாது.

வலிகாமம் வாத்தியார்:
எங்கள் யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தில் காணி விற்கும்போது பக்கத்துக் காணிக்காரரிடம்தானே முதல் கேட்க வேண்டும்? விற்பனையையே உடைக்கலாமே.

பழைய கந்தோர்க்காரன்:
ஐயா, 1947 சட்டத்துக்குப் பிறகு அந்த உரிமை பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும்தான். பக்கத்துக் காணிக்காரர் என்ற காரணம் மட்டும் போதாது.

இணுவில்காரி:
சரி, மோட்டர் விஷயம்? முதலில் துலாவில் இறைத்திருந்தால் இப்போது இரண்டு மணித்தியாலம் மோட்டர் ஓட்டுவது அதே உரித்தா? எங்கள் சுண்ணாம்புக் கல் நிலத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் உப்புத் தண்ணீர் ஏறும். கிணற்றுக்காரரும் குடிக்க வேண்டாமா?

கோப்பாய்ப் பிள்ளை:
அப்பா தொடக்கத்திலேயே மண்ணெண்ணெய் மிசினில்தான் இறைத்தார், அக்கா. 2014 இல் கரண்ட் மோட்டர்.

பழைய கந்தோர்க்காரன்:
அதையும் சாட்சியோடு சொல்லுங்கள். மோட்டர் பெரிதானதால் சுமை கூடியது என்று அவர்கள் வாதாடுவார்கள், அதற்கு மணித்தியாலமும் முறையும் குறித்துப் பேசத் தயாராக இருங்கள்.

இணுவில்காரி:
முறை குறித்தால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் அந்தக் கடிதத்தில் நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.