தமிழ்வழி கணக்கு, அறிவியல் இணைய வகுப்பு: ‘தமிழ்ப் பாடம்’ என்ற பெயர் சரியா?

குறிஞ்சி: 6 முதல் 10 வரை சமச்சீர் கணக்கும் அறிவியலும் தமிழ்வழியில் நடத்தும் இணைய வகுப்பு தொடங்குகிறோம். ‘தமிழ்ப் பாடம்’ என்று வைக்கலாமா? பங்குதாரர் ஆங்கிலப் பெயர்தான் வேண்டும் என்கிறார்.

சிங்கை அம்மா: நல்ல முயற்சி! என் மகள் நான்காம் வகுப்பு, தமிழ் பேசுவாள், எழுத வராது. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித் தருவீர்களா?

வைகை வக்கீல்: குறிஞ்சி, மேலே வந்த கேள்வியைப் பாருங்கள். ‘தமிழ்’ என்று பெயரில் இருந்தால் மொழி வகுப்பு என்றுதான் நினைப்பார்கள். கணக்குக்கு ஆள் தேடும் பெற்றோர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று, ‘பாடம்’ நீங்கள் விற்கும் பொருளையே சொல்லும் சொல். பெயரை வணிகச் சின்னமாகப் பதியப் போனால் 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இதற்கு ஆட்சேபம் வரும். பல வருடம் பயன்படுத்தி, அந்தப் பெயர் உங்களையே குறிக்கிறது என்று நிரூபித்தால்தான் வழி உண்டு.

ராஜா_ஈரோடு: எதற்கு இவ்வளவு? டொமைன் வாங்கிவிட்டால் பெயர் நம்முடையதுதானே. வேறு யாரும் வைக்க முடியாது.

வைகை வக்கீல்: அதே முகவரியை வேறு யாரும் வாங்க முடியாது, அதுவரை சரி. ஆனால் ஓர் எழுத்தை மாற்றி வாங்கலாமே. ‘பாடம்’ என்பதை paadam, padam, patam என்று ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். padam என்று அடித்தால் சினிமாப் படம்தான் வரும். பெயரை ஃபோனில் பத்துப் பேரிடம் வாயால் சொல்லி, ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று நான்கு விதமாக வந்தால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். ழ, நெடில் உள்ள சொற்கள் இதில் அதிகம் மாட்டும்.

குறிஞ்சி: அப்படியானால் ‘மின்மினி’? minmini, வேறு மாதிரி அடிக்க வழியில்லை.

வைகை வக்கீல்: நல்ல தேர்வு. பாடத்தோடு நேரடித் தொடர்பு இல்லாததால் 9ஆம் பிரிவுச் சிக்கலும் குறைவு. வணிகச் சின்னப் பதிவகத் தளத்தில், பொருள்களையும் சேவைகளையும் எண் போட்டுப் பிரித்த வகுப்புகளில், கல்விச் சேவைக்கான 41ஆம் வகுப்பில் தேடுங்கள். செயலியும் உண்டென்றால் 9ஆம் வகுப்பிலும். ஒலியை வைத்துத் தேடும் வசதியையும் பயன்படுத்துங்கள், ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர் இருந்தாலே ஆட்சேபம் வரும். தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், நிராகரித்தால் திரும்பாது.

கணக்கு டீச்சர்: எனக்கு ஒப்பவில்லை. மின்மினி என்றால் எல்.கே.ஜி. நினைப்புதான் வரும். பத்தாம் வகுப்புப் பையன் அந்தச் செயலியை நண்பன் முன்னால் திறக்கவே கூச்சப்படுவான். பாடநூலில் வரும் சொல்லாக இருக்கட்டும். ‘முனை’ என்று வையுங்களேன், munai. வடிவியலில் தினமும் சொல்கிற வார்த்தை.

ராஜா_ஈரோடு: முனை என்றால் முக்குக்கடை மாதிரி இருக்கிறது. பங்குதாரர் சொல்வதுதான் சரி. ஃபீஸ் கட்டுகிற பெற்றோருக்கு ஆங்கிலப் பெயரில்தான் நம்பிக்கை.

கணக்கு டீச்சர்: அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இலிருந்து அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. தமிழ்ப் பெயர் என்பதற்காக எங்கள் பெற்றோர் யாரும் ஒதுக்கவில்லை.

ராஜா_ஈரோடு: அது இலவசம் டீச்சர். காசு கேட்டுப் பாருங்கள்.

குறிஞ்சி: இரண்டு பெயரையும் ஃபோனில் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் கேட்கிறேன்.