பத்து ஆண்டுகளாகப் பிரித்துக் கட்டிய வரியை, முதிர்வு நாளில் மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள்

காவிரிக்கரை வாத்தியார்

தள்ளுபடிப் பத்திரம் வைத்திருப்பவர்கள்தான் இங்கே வருகிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஏப்ரலில் ஒரு தனியார் நிறுவனத்தின் பத்திரத்தை 2,31,597 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 2024 மார்ச் கடைசியில் ஐந்து லட்சம் தருவார்கள். நடுவில் வட்டி என்று ஒரு பைசா கிடையாது.

அப்போது பணியில் இருந்தேன். வட்டி கைக்கு வராவிட்டாலும் ஆண்டுதோறும் வருமானமாகக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று தணிக்கையாளர் சொன்னார். சரி என்று எட்டு சதவீதக் கணக்குப் போட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தேன். முதல் ஆண்டு 18,528, அடுத்த ஆண்டு 20,010 என்று ஏறிக்கொண்டே போய், பத்தாவது ஆண்டுக்கு 37,037. முதல் ஒன்பது ஆண்டுகளில் 2,31,366 ரூபாயை வருமானமாகக் காட்டி, சம்பளத்தோடு சேர்த்து இருபது சதவீதம் கட்டினேன். கையில் பணம் வராமலேயே கட்டினேன் என்பதைக் கவனியுங்கள்.

முதிர்வு நாளன்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வரவு 4,73,160. மூன்று முறை படித்தேன். ஐந்து லட்சம் எங்கே? தொலைபேசியில் பிடித்தபோது ஒரு பெண் பொறுமையாகச் சொன்னார்: “உங்கள் வட்டி 2,68,403 ஐயா. அதில் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருக்கிறோம்.”

“அதில் முக்கால்வாசிக்கு மேல் நான் ஏற்கெனவே வரி கட்டிவிட்டேன் அம்மா.”

“அது எங்களுக்குத் தெரியாதே ஐயா.”

அந்தப் பதில் இன்னும் காதில் இருக்கிறது. தவறும் சொல்ல முடியாது. அவருக்கு எப்படித் தெரியும்?

ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்தபோது கடைசி ஆண்டின் 37,037-ஐ மட்டும் வருமானமாகக் காட்டி, பிடித்த 26,840-ஐ முழுதும் திருப்பிக் கேட்டேன். நவம்பரில் 139(9) பிரிவில் அறிவிப்பு வந்தது. படிவம் குறைபாடுள்ளதாம், பதினைந்து நாளில் சரிசெய்ய வேண்டுமாம். இப்போது நான் ஓய்வூதியக்காரன், வரி வரம்புக்குக் கீழே இருக்கிறேன். இதே நிலையில் யாராவது இருந்தீர்களா?

திண்டுக்கல் பூட்டு

வாத்தியார் ஐயா, வருடாவருடம் கட்டச் சொன்னதே தவறு. உங்கள் தணிக்கையாளர் உங்களைத் தேவையில்லாமல் கட்டவைத்துவிட்டார். எங்கள் அப்பாவிடம் இருந்த பத்திரத்துக்கு முதிர்வில்தான் மொத்தமாகக் காட்டினோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பிரச்சினையே வேறு. அப்பா பத்திரத்தை வீணாகாமல் காக்கிறேன் என்று கண்ணாடித்தாள் ஒட்டி லேமினேட் செய்து வைத்திருந்தார். முதிர்வுக்கு அனுப்பும்போது பின்பக்கத்தில் வருவாய் முத்திரைமேல் கையெழுத்துப் போட வேண்டும். பேனா வழுக்குகிறது! கத்தியால் ஓரத்தைக் கீறினால் காகிதமும் சேர்ந்து வருகிறது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். உறுதிமொழிப் பத்திரம், நகல் பத்திரம் என்று ஐந்து மாதம் ஓடியது. முக மதிப்பு ஒரு லட்சம்தான், அதற்கே இவ்வளவு.

பழைய கருவூலத்தார்

பூட்டு அண்ணே, உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. முக மதிப்பு ஒரு லட்சம். நேரடி வரிகள் வாரியம் 2002 பிப்ரவரி 15-இல் வெளியிட்ட இரண்டாம் எண் சுற்றறிக்கையில், நிறுவனமல்லாத சிறு முதலீட்டாளர் மொத்தம் ஒரு லட்சம் முக மதிப்பு வரை வைத்திருந்தால் பழைய முறைப்படி முதிர்வில் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அதோடு, 2002-க்கு முன்பு வெளியான பத்திரமாக இருந்தால் அந்தச் சுற்றறிக்கையே உங்களைத் தொடாது. வாத்தியாருடையது 2014-இல் வாங்கிய ஐந்து லட்சம். அவருடைய தணிக்கையாளர் சொன்னது சரிதான்.

நான் ஒரு வங்கியின் முதலீட்டுப் பிரிவில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு என் சொந்தப் பத்திரத்திலேயே இதே அடி வாங்கினேன். என் கதை சின்னது: வரியைக் குறைத்துப் பிடிக்க முதிர்வுக்கு முன்பே 197-ஆம் பிரிவில் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், சோம்பலில் விட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் முதிரும்போது மொத்தத் தள்ளுபடிக்கும் வரி பிடிக்க வேண்டும் என்பதை 2004-ஆம் ஆண்டின் நான்காம் எண் சுற்றறிக்கையிலேயே எழுதிவிட்டார்கள். வைத்திருந்தவர் ஆண்டுதோறும் காட்டினாரா இல்லையா என்று வெளியிட்ட நிறுவனம் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் காட்டியவர்கள் குறைந்த பிடித்தத்துக்கோ பிடித்தமே இல்லாமலோ சான்றிதழ் வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் அதில் சொன்ன வழி. பட்டியலிடப்பட்டு டீமேட்டில் இருந்த பத்திரங்களுக்கு 2023 மார்ச் வரை பிடித்தமே கிடையாது என்பதால் பலருக்கு இது உறைக்கவில்லை. 2023 ஏப்ரலில் அந்த விலக்கை எடுத்தார்கள். வாத்தியாரின் பத்திரம் அந்த வகையானால், ஓராண்டு தாமதமாக முதிர்ந்ததில்தான் மாட்டிக்கொண்டார்.

அடுத்து, திருப்பிக் கேட்டது ஏன் நின்றது? விதி 37பிஏ-யின்படி, வருமானம் பல ஆண்டுகளில் பரவியிருந்தால் பிடித்த வரியின் வரவும் அதே விகிதத்தில் அந்தந்த ஆண்டுகளுக்குத்தான் போகும். 2,68,403-இல் 37,037 என்பது நூற்றுக்குப் பதினான்குக்குச் சற்றுக் குறைவு. ஆக இந்த ஆண்டுக்குக் கிடைப்பது 3,704 ரூபாய்தான். மீதி 23,136 முடிந்துபோன ஒன்பது ஆண்டுகளுக்குச் சொந்தம். பூட்டிய பெட்டிக்குள் பணத்தைப் போட்டதுபோல.

பெட்டிக்குச் சாவி உண்டு. 2023 அக்டோபர் முதல் 155-ஆம் பிரிவில் இருபதாம் உட்பிரிவைச் சேர்த்தார்கள். வருமானத்தை முன்னதாகக் காட்டி, வரியைப் பின்னால் பிடித்திருந்தால், படிவம் 71 மூலம் அந்தப் பழைய ஆண்டின் கணக்கைத் திருத்தக் கேட்கலாம். பிடித்த நிதியாண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். உங்களுக்கு 2026 மார்ச் 31 வரை. அறிவிப்புக்குப் பயந்து 2,68,403-ஐயும் இந்த ஆண்டு வருமானமாகக் காட்டிவிடாதீர்கள். ஒரே பணத்துக்கு இரண்டாம் முறை வரி கட்ட நீங்களே கையெழுத்துப் போட்டதாகும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. சுற்றறிக்கை கேட்பது எட்டு சதவீதக் கூட்டுக் கணக்கை அல்ல. ஒவ்வொரு மார்ச் 31-இலும் பத்திரத்தின் சந்தை மதிப்பு என்ன, சென்ற ஆண்டைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைத்தான் கேட்கிறது. உங்கள் பத்திரம் இரண்டாம் ஆண்டு முடிவில் 2,70,134 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் சந்தை வட்டி ஒன்பதரை சதவீதமாக ஏறியிருந்தால் மதிப்பு 2,64,893-ஆக இறங்கியிருக்கும். அந்த ஆண்டு காட்ட வருமானமே இருக்காது. பின்னால் வரும் ஆண்டுகளில் கூடுதலாக வரும். கடைசியில் கூட்டினால் இரண்டும் அதே 2,68,403-இல் வந்து நிற்கும். ஆனால் எந்த ஆண்டு எவ்வளவு என்பது மாறும். அதிகாரி கிளறினால் இங்கே கிளறலாம்.

வெளியிட்டவர் பக்கம் பார்த்தால் இந்தப் பிரித்தல் பழைய கதை. மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மெண்ட் கார்ப்பரேஷன் 1966 டிசம்பரில் ஒன்றரைக் கோடிக்கு இரண்டு சதவீதத் தள்ளுபடியில் கடன்பத்திரம் வெளியிட்டது. மூன்று லட்சம் தள்ளுபடி, பன்னிரண்டு ஆண்டு. அரை ஆண்டுக்கு 12,500 என்று பிரித்துச் செலவு எழுதினார்கள். அது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லி முடித்தது. கொடுப்பவர் தள்ளுபடியை ஆண்டுதோறும் செலவாக எழுதலாம் என்றானபின், வாங்குபவர் மட்டும் கடைசியில் காட்டினால் கஜானாவுக்கு நடுவில் ஓட்டை. 2002-இல் அடைத்தது அதைத்தான் என்பது என் எண்ணம்.

திண்டுக்கல் பூட்டு

சட்டம் நீங்கள் சொல்வதுபோலவே இருக்கட்டும். ஆனால் நியாயம்? வாத்தியார் இருபது சதவீதத்தில் கட்டினார். முதிர்வு வரை காத்திருந்து ஓய்வுக்குப் பிறகு காட்டியிருந்தால் பெரும்பகுதி வரியே வந்திருக்காது. ஒரு லட்சத்தோடு நிறுத்தியவன் தப்பிக்கிறான், ஐந்து லட்சம் வாங்கியவன் மாட்டுகிறான். நான் தவறாகச் சொன்னேன் என்றால் அதிர்ஷ்டத்தால் தப்பித்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணி

எனக்கும் இதே சந்தேகம்தான், கருவூல உண்டியலில். ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் கணக்கு வழியாக 2023 அக்டோபரில் ஒரு லட்சத்துக்கான 364 நாள் உண்டியலை 93,390-க்கு எடுத்தேன். மார்ச் 31 நடுவில் வந்துவிட்டது. 171 நாளுக்கு உரிய சுமார் 3,100 ரூபாயை அந்த ஆண்டே காட்ட வேண்டுமா, இல்லை அடுத்த அக்டோபரில் 6,610-ஐயும் சேர்த்தா? ஒரு தணிக்கையாளர் வட்டி என்றார், இன்னொருவர் குறுகிய கால மூலதன ஆதாயம் என்றார். இருவருக்கும் கட்டணம் கொடுத்தேன். கடைசியில் பணம் வந்த ஆண்டில் மொத்தமாகக் காட்டிவிட்டேன்.

பழைய கருவூலத்தார்

மாட்டுத்தாவணி, உங்கள் கேள்வி வேறு. நீங்கள் ரொக்க முறையில் கணக்கு வைத்திருந்தால் வந்த ஆண்டில் காட்டியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆண்டுதோறும் அதே முறையில் நில்லுங்கள், ஒரு முறை இப்படி ஒரு முறை அப்படி வேண்டாம். வட்டியா ஆதாயமா என்பதில் நான் வட்டிக் கட்சி. எதிர்க்கட்சியிலும் விவரமானவர்கள் இருக்கிறார்கள்.

நியூஜெர்சி அத்தை

இங்கே அமெரிக்காவில் அரசின் ஸ்ட்ரிப்ஸ் என்ற தள்ளுபடிப் பத்திரம் வைத்திருக்கிறேன். தரகு நிறுவனமே ஆண்டுதோறும் 1099-OID என்ற படிவத்தில் அந்த ஆண்டின் பங்கைப் போட்டு அனுப்பிவிடுகிறது. பணம் வராமலேயே வரி கட்டும் வயிற்றெரிச்சல் இங்கேயும் அதேதான். காட்டிய தொகையை அடக்கவிலையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதை மறந்து, நடுவில் விற்றபோது முதல் விலையிலிருந்து லாபம் கணக்கிட்டு அனுப்பிவிட்டேன். பிறகு திருத்தக் கணக்கு. அப்படியானால் உங்கள் ஊரில் அந்த ஆண்டுப் பங்கை யாரும் கணக்கிட்டு அனுப்புவதே இல்லையா?

காவிரிக்கரை வாத்தியார்

இல்லை அத்தை, என் நோட்டுதான்.

கருவூலத்தாருக்கு நன்றி. பதினைந்து நாள் முடிவதற்குள், இந்த ஆண்டுக்கு 3,704 மட்டும் கேட்டுப் பதில் அனுப்பிவிட்டேன். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. படிவம் 71-க்காக உட்கார்ந்தபோதுதான் அடுத்த கேள்வி: ஒன்பது ஆண்டுக்கு ஒன்பது விண்ணப்பமா? முதல் ஆண்டின் பங்கு 1,853 ரூபாய்தான். நான் கேட்ட இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நோட்டில் 2016-17 பக்கத்தில் பேத்தி கிளி வரைந்திருக்கிறாள். தொகை கிளியின் வாலுக்குக் கீழே தெரிகிறது, நல்லவேளை. ஒன்பது விண்ணப்பம் போட்டவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.