வரிசை மாறி நடந்த கூட்டம்: குறிப்பை எப்படி எழுதுவது?

பகாவ் கோயில் செயலாளர்: எங்கள் தோட்டக் கோயில் ஆண்டுக் கூட்ட நிரலில் 4 கணக்கறிக்கை, 5 கோபுரத்துக்குச் சாயம். பொருளாளர் வரத் தாமதமானதால் 5-ஐ முதலில் எடுத்து, 8,000 வெள்ளிக்கு முடிவும் செய்துவிட்டோம். அப்புறம்தான் கணக்கு. குறிப்பில் எது முதலில் வரவேண்டும்?

செம்பனை: நடந்தபடி எழுதுங்கள், எண்ணையும் மாற்றிவிடுங்கள். சாயம் 4, கணக்கு 5. படிக்கிறவருக்குக் குழப்பம் இருக்காது.

பழைய செயலாளர்: நடந்தபடி எழுதுவது சரி. எண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள் தம்பி. உறுப்பினர்கள் கையில் இருக்கும் கூட்ட அறிவிப்பில் சாயம் 5. அடுத்த கூட்டத்தில் ஒருவர் “5-ஆவது அம்சத்தில் என்ன முடிவு?” என்று கேட்டால், உங்கள் குறிப்பில் அங்கே கணக்கறிக்கை நிற்கும்.

டீச்சர்: எண் மாறக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதுவதும் நிரல் வரிசையிலேயே இருக்கட்டும். 4-இன் கீழ் “5-க்குப் பிறகு பேசப்பட்டது” என்று ஒரு வரி போதும். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அப்படித்தான் எழுதுகிறோம். தேடுவது சுலபம்.

பழைய செயலாளர்: பல கூட்டங்களுக்கு அது போதும் டீச்சர். இங்கே பணம் இருக்கிறது. கணக்கு முன்னால், சாயம் பின்னால் என்று எழுதினால், கையிருப்பைப் பார்த்துவிட்டுத்தான் 8,000 வெள்ளிக்குக் கைதூக்கினார்கள் என்று தோன்றும். உண்மையில் அப்போது யாருக்கும் கையிருப்பு தெரியாது. நடுவில் எழுந்து போனவர்களும் இருப்பார்கள். சாயத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் போனவர், கணக்கை ஏற்றவர்களில் ஒருவராகிவிடக் கூடாது. நான் எழுதினால் இப்படி:

“3-ஆவது அம்சம் முடிந்ததும், பொருளாளர் வராததால் 5-ஐ முதலில் எடுக்கத் தலைவர் கூறினார், அவை ஏற்றது.
5. கோபுரச் சாயம் (காலை 11.05) …
11.30: உறுப்பினர் இருவர் வெளியேறினர், கோரம் குறையவில்லை.
4. கணக்கறிக்கை (காலை 11.35) …
அடுத்து 6-ஆவது அம்சம்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதுதான் வரிசை எங்கே பழையபடி ஆனது என்று காட்டும்.

லயத்து வீடு: எங்கள் சங்கத்தில் தேர்தலை எடுக்கவே இல்லை, குறிப்பிலும் காணோம். அதற்கும் இதே வழியா?

பழைய செயலாளர்: அது வேறு. பேசாத அம்சமும் தன் எண்ணோடு குறிப்பில் இருக்கவேண்டும்: “6. தேர்தல்: ஒத்திவைக்கப்பட்டது”, ஏன் என்பதோடு. எண்ணே இல்லையென்றால், பேசவில்லையா, எழுத மறந்தார்களா என்று யாருக்கும் தெரியாது.

டீச்சர்: 5-இன் கீழ் “கணக்கறிக்கைக்கு முன் முடிவு செய்யப்பட்டது” என்றும் ஒரு வரி போட்டு, வெளியேறியவர்களை நேரத்தோடு குறித்தால், என் வழியிலும் அதே தெளிவு கிடைக்குமே. 3, 5, 4, 6 என்று இருந்தால் பலர் பக்கம் மாறிவிட்டது என்றே நினைப்பார்கள்.

பகாவ் கோயில் செயலாளர்: நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சிக்கல். தலைவர் “சாயத்தை முதலில் பேசுவோம்” என்றார், யாரும் மறுக்கவில்லை. முன்மொழிந்தார், வழிமொழிந்தார் என்று போடலாமா?

பழைய செயலாளர்: போடாதீர்கள். “தலைவர் கூறினார், யாரும் மறுக்கவில்லை” என்றே எழுதுங்கள். வரிசையை மாற்றத் தீர்மானம் வேண்டும் என்று உங்கள் சங்க விதியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை அடுத்த செயற்குழுவில் பேசவேண்டும்; குறிப்பில் சரிக்கட்ட முடியாது.