புது வீட்டில் தனியாக விட்டால் நாய் ஊளையிடுகிறது, என்ன செய்வது?

மூன்றாம் மாடி:
வெளிநாடு வந்து ஒரு மாதம் ஆகிறது. எங்கள் நாய் சுந்தரிக்கு 4 வயது. பழைய வீட்டில் எப்போதும் அப்பா அம்மா இருந்ததால் அது தனியாக இருந்ததே இல்லை. இங்கே முதல் 3 வாரம் நான் விடுப்பில் கூடவே இருந்தேன். போன திங்கள் வேலைக்குப் போனேன். மாலையில் கதவில் கீழ்வீட்டுக்காரரின் சீட்டு: நாள் முழுக்க ஊளையாம். உள்ளே கதவு நிலை பிறாண்டியிருக்கிறது, தரையெல்லாம் சிறுநீர். இது பிடிவாதமா?

பழைய கை:
3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதற்குள் பழகிவிடும். கத்தட்டும், விட்டுவிடுங்கள். எங்களது 4 நாளில் நிறுத்திவிட்டது.

புல்தரை:
அடடா, சிறுநீர்ப் பிரச்சினையா? எங்கள் நாயும் அப்படித்தான். மண்ணிலேயே போய்ப் பழகியதால் சிமெண்ட் தரையில் போகவே போகாது, அடக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து போய்விடும். தினமும் ஒரே புல்வெளிக்குக் கூட்டிப்போனோம், சரியாகிவிட்டது.

மூன்றாம் மாடி:
இல்லை அக்கா, நான் இருக்கும்போது வெளியே ஒழுங்காகப் போகிறது. தனியாக விட்டால்தான் இப்படி.

நாலுகால்:
தம்பி, முதலில் ஒரு பழைய போனில் வீடியோ போட்டு வைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது? அதற்கு ரொம்பப் பிடித்த தின்பண்டத்தை வைத்துவிட்டுப் போனால் தொடுகிறதா?

மூன்றாம் மாடி:
பார்த்தேன். கதவை மூடி 2 நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றது, அப்புறம் ஊளை. பிஸ்கட்டைத் தொடவில்லை. நான் உள்ளே வந்ததும் ஒரே வாயில் தின்றுவிட்டது.

நாலுகால்:
அப்படியானால் பிடிவாதம் இல்லை, பயம். போரடிக்கும் நாய் முதலில் பிஸ்கட்டைத் தின்னும், தூங்கும், ஒரு மணி நேரம் கழித்துச் செருப்பைக் கடிக்கும். பயந்த நாய்க்குத் தொண்டையில் இறங்காது. கத்த விட்டால் தனிமை என்றாலே இதுதான் என்று அதற்குப் பதிந்துபோகும். பழைய கை சொன்ன கணக்கு புது வீடு பழகுவதற்கு ஓரளவு பொருந்தும். ஆனால் சுந்தரிக்கு வீடு புதிதாக இருப்பது பாதிதான், தனிமையும் புதிது.

அதனால் அது அமைதியாக இருக்கும் அந்த 2 நிமிடத்துக்குள்ளேயே பயிற்சி கொடுங்கள். முதல் இரண்டு நாள் சாவியை எடுப்பது, ஷூ போடுவது, திரும்பச் சோபாவில் உட்காருவது, அவ்வளவுதான். அப்புறம் வெளியே போய், அது தொடங்கும் முன்னே திரும்புங்கள். 30 நொடி, 50, 20, 60 என்று ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போனால் அதற்கும் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு வேளை, நாலைந்து முறை போதும்.

கஷ்டமான பாகம் வேறு: இந்தப் பயிற்சி முடியும் வரை அது தாங்கும் நேரத்தைத் தாண்டித் தனியாக விடவே கூடாது. வீட்டிலிருந்து வேலை, பகல்நேரக் காப்பகம், தெரிந்தவர், ஏதாவது ஒன்று வேண்டும். வாரம் ஒரு நாள் ஊளையிட விட்டாலும் மற்ற நாள் உழைப்பு கரைந்துவிடும்.

பழைய கை:
விமானத்தில் வந்த கூண்டு இருக்குமே, அதில் பூட்டிவிட்டால் கதவாவது பிழைக்கும்.

நாலுகால்:
கதவு பிழைக்கும், பல்லும் நகமும் உடையும். கூண்டைத் திறந்தே வையுங்கள், அதுவாகப் போய்ப் படுத்தால் நல்லது.

புல்தரை:
துணைக்கு இன்னொரு நாய்?

நாலுகால்:
இது தேடுவது மனிதரை. பெரும்பாலும் இரண்டு நாய்ச் செலவுதான் மிஞ்சும்.

மூன்றாம் மாடி:
9 நாள் ஆயிற்று. ஆறாம் நாள் அமைதியாக இருக்கிறதே என்று 5 நிமிடத்துக்குத் தாவினேன், நாலாவது நிமிடத்தில் ஊளை. மறுநாள் 1 நிமிடத்துக்கு இறங்கினேன். இன்று 7 நிமிடம், பிஸ்கட் பாதி தின்றிருந்தது! வாரம் 3 நாள் காப்பகம், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. திரும்பி வந்ததும் கொஞ்சலாமா, கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டுமா?

பழைய கை:
கண்டுகொள்ளவே கூடாது.

நாலுகால்:
எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. நான் கொஞ்சுவேன். பாதி பிஸ்கட் நல்ல அறிகுறி. என் அனுபவத்தில் முதல் அரை மணி நேரம்தான் ஆமை வேகம், அதைத் தாண்டினால் பெரிய படியாக ஏறலாம். ஒரு மாதமாகியும் 10 நிமிடத்திலேயே நின்றால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இதற்கென்றே மாத்திரைகள் உண்டு. ஆனால் பலன் தெரிய சில வாரம் ஆகும், பயிற்சியையும் விடக்கூடாது.

மூன்றாம் மாடி:
மாத்திரைக்கு வீட்டில் இன்னும் சம்மதமில்லை, பார்ப்போம். கீழ்வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வியாழக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வந்து உட்காருகிறேன் என்றார். அவர் இருந்தால் சுந்தரி தூங்கிவிடுகிறது.